ஃபாஸ்ட் சார்ஜ், வீட்டு சார்ஜ், பேட்டரி மாற்று: மின்சார ஸ்கூட்டர் தகராறு செய்தால் எங்கிருந்து பார்ப்பது

மதுரையில் என் பட்டறைக்கு வரும் மின்சார ஸ்கூட்டர்களில் பாதிக்கு மேல் ஒரே புகாருடன்தான் வருகின்றன: "ஃபாஸ்ட் சார்ஜ் போட்டுப் போட்டு பேட்டரி போய்விட்டது." பேட்டரி உண்மையிலேயே போயிருப்பது அவற்றில் சிலவற்றில்தான். மீதி வண்டிகளில் டயரில் காற்றில்லை, பிளக் பாயின்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது செல்கள் ஒன்றுக்கொன்று சமமாக இல்லை. புதிய பேட்டரி வாங்கிப் போடுவதென்றால் வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ ஆகும். அதனால் செலவில்லாத காரணத்தில் தொடங்கி, செலவு வைக்கும் காரணத்துக்குப் படிப்படியாகப் போவதே முறை. உங்கள் வண்டி காட்டும் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ, அங்கிருந்து படிக்கலாம்.

எதையும் சோதிக்காமல் நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

பேட்டரிப் பெட்டி உப்பியிருக்கிறது, நகப்பூச்சு போன்ற இனிப்பு வாடை வருகிறது, சீறும் சத்தம் கேட்கிறது, அல்லது வண்டி வெள்ளநீரில் மூழ்கி எழுந்திருக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் சார்ஜ் போடாதீர்கள். வண்டியை வீட்டுச் சுவரிலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் தள்ளித் திறந்த வெளியில் நிறுத்திவிட்டு, சர்வீஸ் மையத்தை அழையுங்கள். வாடையோ சத்தமோ இருந்தால் வண்டியை உருட்டக்கூடப் போகாதீர்கள்; நீங்கள் விலகி நின்று தீயணைப்புத் துறையை 101இல் அழையுங்கள். மூழ்கிய வண்டி இரண்டு நாளில் காய்ந்து நன்றாக ஓடும். அதை நம்பக்கூடாது. உள்ளே புகுந்த நீர் செல் இணைப்புகளை அரித்து, வாரக்கணக்கில் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும்.

அறிகுறி 1: ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டும் வேகமாக ஏறவில்லை

*எத்தனை சதவீதத்தில் வேகம் குறைகிறது?* 80 சதவீதத்தைத் தாண்டிய பிறகு குறைந்தால் அது பழுதல்ல. நிரம்பும் நிலையில் செல்களால் அதே வேகத்தில் மின்சாரத்தை வாங்க முடியாது. அப்போதும் திணித்தால் லித்தியம் உள்ளே போகாமல் மேற்பரப்பில் படிந்துவிடும். அதனால் வண்டியே குறைத்துக்கொள்கிறது. கடைசி 20 சதவீதத்துக்காக ஃபாஸ்ட் சார்ஜரில் காத்திருப்பது நேரமும் காசும் வீண். கிளம்பிவிடுங்கள்.

*தொடக்கத்திலிருந்தே மெதுவாக இருக்கிறதா?* அப்படியானால் முதல் சந்தேகம் சூடு. பெரும்பாலான லித்தியம் செல்களுக்கு சார்ஜ் ஏற்றுவதற்கான வெப்ப எல்லை 0 முதல் 45 டிகிரி வரை என்றுதான் தயாரிப்பாளர்கள் கொடுக்கிறார்கள். சித்திரை வெயிலில் ஒன்றரை மணி நேரம் ஓட்டிவிட்டு, வெயிலிலேயே நிறுத்திய வண்டியின் செல்கள் அந்த எல்லையை ஒட்டித்தான் இருக்கும். பேட்டரியைக் காவல் காக்கும் பி.எம்.எஸ். பலகை மின்னோட்டத்தைப் பாதியாக்கும், அல்லது மறுத்துவிடும். நிழலில் அரை மணி நேரம் விட்டு மீண்டும் போடுங்கள். வேகம் ஏறினால் பழுது எதுவும் இல்லை.

நிழலில் ஆறவைத்தும் ஏறவில்லை என்றால் வேறொரு நிலையத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே சரியாக ஏறினால் முதல் நிலையத்தில்தான் கோளாறு. சில நிலையங்களில் ஒரே பெட்டி இரண்டு வண்டிகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும். பக்கத்து வண்டி கிளம்பியதும் உங்கள் வேகம் கூடினால் விஷயம் அதுதான்.

இரண்டு இடத்திலும் மெதுவாக இருந்தால், வண்டியின் சார்ஜ் வாயை டார்ச் அடித்துப் பாருங்கள். உலோக முனைகளில் ஒன்று மட்டும் கருத்தோ பழுப்பாகவோ இருந்தால், அந்த இணைப்பு தளர்ந்து சூடாகியிருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம், மேற்பூச்சு போய்விட்டால் அடுத்த மாதம் இதைவிட மோசமாகச் சூடாகும். சார்ஜ் வாயை மாற்றுவது சர்வீஸ் மையத்தின் வேலை. முனைகள் சுத்தமாக இருந்தும், காலைக் குளிரில்கூட வண்டி சூடு எச்சரிக்கை காட்டினால், பேட்டரிக்குள் இருக்கும் வெப்ப உணரி பொய் சொல்கிறது. அதுவும் அவர்கள் பார்க்க வேண்டியது.

அறிகுறி 2: வீட்டு சார்ஜர் பாதியில் நின்றுவிடுகிறது

இதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். நான்கு இரவுகளுக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை சதவீதத்தில் நின்றது என்று எழுதி வையுங்கள்.

*சதவீதம் மாறுகிறது, நேரம் ஏறக்குறைய ஒன்றுதான்:* கோளாறு வீட்டு மின்சாரத்தில். இரவு ஏழு முதல் பத்து வரை தெரு முழுக்க ஏ.சி. ஓடும்போது மின்னழுத்தம் விழுந்து சார்ஜர் தன்னை அணைத்துக்கொள்கிறது. நள்ளிரவுக்குப் பிறகு போட்டு, நிற்காமல் ஏறுகிறதா என்று பாருங்கள்.

*சதவீதமும் மாறுகிறது, நேரமும் மாறுகிறது:* பிளக் பாயின்ட்டைப் பாருங்கள். 750 வாட் வீட்டு சார்ஜர் இழுப்பது நாலு ஆம்பியருக்குள்தான். சாதாரண 6 ஆம்பியர் பாயின்ட் கணக்குப்படி தாங்கும். ஆனால் மிக்சி ஐந்து நிமிடம் ஓடுகிறது, சார்ஜர் ஐந்து மணி நேரம் ஓடுகிறது. பழைய பாயின்ட்டின் தளர்ச்சி அப்போதுதான் வெளியே வரும். ஒரு மணி நேரம் ஏறிய பிறகு சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அதன் உலோகக் கால்களைத் தொடாமல் பிளாஸ்டிக் பகுதியை மட்டும் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடாக இருந்தால், அல்லது ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு நிறம் ஏறியிருந்தால், எலக்ட்ரீஷியனை அழைத்துத் தனி வயருடன் 16 ஆம்பியர் பாயின்ட் போட்டுக்கொள்ளுங்கள். எர்த் இருக்கிறதா என்றும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைத் தொங்கவிட்டு சார்ஜ் போடுபவர்கள் முதலில் அதைக் கழற்றுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

*நேரம் எதுவானாலும் எப்போதும் 91 அல்லது 92இல் நிற்கிறது:* இது வீட்டு மின்சாரத்தின் குற்றமல்ல. ஏதோ ஒரு செல் தொகுதி மற்றவற்றுக்கு முன்பே நிரம்பி, பி.எம்.எஸ். கதவை மூடிவிடுகிறது. அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி 3: 100 சதவீதம் காட்டுகிறது, ஆனால் ஓடும் தூரம் குறைந்துவிட்டது

அதிகம் வரும் புகார் இது. அதிகம் தவறாகத் தீர்க்கப்படுவதும் இதுதான். அதனால் ஒரு வண்டியின் கதையோடே சொல்கிறேன்.

உணவு விநியோகம் செய்யும் இளைஞர் ஒருவர். வண்டிக்கு 26 மாதம். ஓட்டம் 41,000 கிலோமீட்டர். 2.9 கிலோவாட் மணி பேட்டரி, 14 செல் தொகுதிகள் வரிசையாக. புதிதில் 85 கிலோமீட்டர் ஓடியது 58 ஆகிவிட்டது. வாடகை வீட்டில் சார்ஜ் போட உரிமையாளர் அனுமதிக்கவில்லை. ஆகவே இரண்டு வருடமும் ஃபாஸ்ட் சார்ஜர்தான். மதியம் ஒரு மணிக்கு ஆர்டர் ஓய்ந்ததும், வந்த சூட்டிலேயே 15இல் போட்டு 80இல் எடுப்பார். மாலை ஆறு மணிக்கு மறுபடியும்.

*முதலில் டயர்.* பின் டயரில் 19 தான் காட்டியது. வண்டியில் ஒட்டியிருந்த தாளில் 32 என்று போட்டிருந்தது. காற்றடித்து, சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றி பிரேக் உரசவில்லை என்று பார்த்து அனுப்பினேன். மறுநாள் 62 கிலோமீட்டர். செலவு இல்லாமல் நான்கு கிலோமீட்டர் திரும்பியது.

*அடுத்து உண்மையான கொள்ளளவு.* திரையில் தெரியும் சதவீதம் ஒரு கணிப்புதான். அதை வைத்து பேட்டரியை எடை போட முடியாது. சுவரில் செருகும் மின் அளவி ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதன் வழியாக வீட்டு சார்ஜரைப் போட்டு, 10 சதவீதத்திலிருந்து 100 வரை எத்தனை யூனிட் போகிறது என்று பாருங்கள். சார்ஜர் தானே கொஞ்சம் சூடாக வீணாக்கும், 0.88ஆல் பெருக்கினால் பேட்டரிக்குள் போனது ஏறக்குறைய வரும். அதை 0.9ஆல் வகுத்தால் முழுக் கொள்ளளவு. இவருடைய வண்டி 2.15 யூனிட் வாங்கியது. அதாவது பேட்டரிக்குள் 1.89, முழுக் கொள்ளளவு 2.1. புதிதில் இருந்ததில் 72 சதவீதம்.

இந்த இடத்தில்தான் பலர் பேட்டரி மாற்ற விலை கேட்கப் போகிறார்கள். இன்னொரு சோதனை பாக்கி இருக்கிறது.

*செல்கள் சமமாக இருக்கின்றனவா?* இந்த வகை செல் முழுதாக நிரம்பினால் 4.2 வோல்ட். பதினான்கும் நிரம்பினால் 58.8. சார்ஜ் முடிந்து ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்த பிறகு 58.3 அல்லது 58.4 இருக்க வேண்டும். இவர் வண்டியில் 57.9. ஒரு தொகுதி முந்திக்கொண்டு நிரம்பிவிட, மற்றவை வாய் நிறையாமல் நின்றுவிட்டன என்று அர்த்தம். (உங்கள் வண்டி இரும்பு பாஸ்பேட் வகையாக இருந்தால் இந்த எண்கள் பொருந்தாது, அங்கே ஒரு செல்லின் உச்சம் 3.65 வோல்ட்.) வோல்ட் பார்க்க பேட்டரியைத் திறக்க வேண்டாம். பல வண்டிகளின் சர்வீஸ் கருவியில் தெரியும். பெட்டியைக் கழற்றக்கூடிய வண்டியானால், மல்டிமீட்டர் பழகியவர் வெளி முனைகளில் பார்க்கலாம்.

இப்படி ஆனதன் காரணம் இவர் சார்ஜ் போட்ட விதத்திலேயே இருக்கிறது. இந்த பேட்டரியின் பி.எம்.எஸ். செல்களைச் சமப்படுத்தும் வேலையை, சார்ஜ் முடியும் தறுவாயில்தான் செய்யும். அதுவும் முந்திய செல்லிலிருந்து சொட்டுச் சொட்டாக வடித்து. இதில் அந்த அளவு 50 மில்லி ஆம்பியர். இரண்டு வருடமாக 80இல் பிடுங்கிய வண்டியில் அந்த வேலை ஒருநாள்கூட நடக்கவில்லை. இந்த 56 ஆம்பியர் மணி பேட்டரியில் ஐந்து சதவீத ஏற்றத்தாழ்வு என்றால் கிட்டத்தட்ட 3 ஆம்பியர் மணி. 50 மில்லி ஆம்பியரில் அதை வடிக்க 60 மணி நேரம் ஆகும். ஒரு ராத்திரி முழு சார்ஜ் போட்டுப் பார்த்துவிட்டு "ஒன்றும் மாறவில்லை" என்று சொல்கிறவர்கள் அவசரப்பட்டவர்கள்.

இவரை இரவில் பட்டறையிலேயே வண்டியை விடச் சொன்னேன். பன்னிரண்டு இரவு வீட்டு சார்ஜரில் 100 வரை ஏற்றி, அதன் பிறகும் ஐந்து மணி நேரம் செருகியே வைத்தோம். அந்த நாட்களில் ஃபாஸ்ட் சார்ஜர் கிடையாது. அவர் ஒரு வேளை ஆர்டரை விட்டுக்கொடுத்தார். முடிவில் ஓய்வு வோல்ட் 58.4. அளவியில் 2.40 யூனிட், கணக்குப் போட்டால் 81 சதவீதம். ஓட்டம் 70 கிலோமீட்டர்.

72 என்று தெரிந்தது 81 ஆனது. அந்த ஒன்பதில் பாதிக்கு மேல் செல் சமநிலை. மீதி, முழுதாக ஏற்றி இறக்கியதும் திரையின் கணிப்பு தன்னைத் திருத்திக்கொண்டது. ஆனால் போன 19 சதவீதம் போனதுதான். எந்தச் சார்ஜரும் அதைத் திருப்பாது. அதில் வேகத்தின் பங்கைவிடச் சூட்டின் பங்கே பெரிது என்பது என் கணிப்பு. வீட்டில் மெதுவாகத்தான் போடுகிறார்கள், ஆனால் தகரக் கூரைக்கு அடியில் 100இல் செருகிய வண்டியை நாள் முழுக்க விடுகிறார்கள். அவர்களுடைய பேட்டரியும் இதே வயதில் இதே அளவுக்குத் தேய்ந்துதான் வருகிறது. நிரம்பிய செல், சூடான இடம், நீண்ட நேரம்: இம்மூன்றும் சேர்ந்தால் மெதுவான சார்ஜர் ஒன்றையும் காப்பாற்றாது.

அவருக்கு நான் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான். மதியம் வந்ததும் முதலில் சாப்பிடுங்கள். வண்டி நிழலில் அரை மணி நேரம் நின்ற பிறகு செருகுங்கள். 80இல் எடுப்பதைத் தொடருங்கள். வாரம் ஒரு இரவு எங்கேயாவது மெதுவாக 100 வரை ஏற்றி, காலை வரை விட்டு, எடுத்ததும் ஓட்டிவிடுங்கள். இரும்பு பாஸ்பேட் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு இந்த வாராந்தர முழு சார்ஜ் இன்னும் அவசியம். அந்த வகையில் வோல்ட் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பதால், உச்சத்தைத் தொட்டால் ஒழிய வண்டிக்கே தன் சதவீதம் தெரியாது.

*எப்போது சர்வீஸ் மையம்?* இரண்டு வாரம் இப்படிச் செய்த பிறகும் கணக்கு 70க்குக் கீழே நின்றால், உத்தரவாதக் காலம் முடிவதற்குள் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். உத்தரவாதத்தில் தயாரிப்பாளர்கள் பலர் போடும் எல்லை 70 சதவீதம்தான். அளவியின் எண்களைத் தேதியோடு புகைப்படம் எடுத்து வைத்திருந்தால் பேச்சு குறையும்.

அறிகுறி 4: 25 சதவீதம் காட்டிய வண்டி சட்டென்று 5க்கு விழுகிறது, மேட்டில் அணைந்துவிடுகிறது

இதில் எளிய காரணம் ஒன்றே ஒன்று: கணிப்பு தவறியிருப்பது. ஒரு முறை 10 வரை இறக்கி, மெதுவாக 100 வரை ஏற்றி, இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். சரியாகிவிட்டால் மறந்துவிடலாம்.

சரியாகவில்லை என்றால் ஒரு சோதனை. சமதரையில் மெதுவாகப் போகும்போது விழாமல், இருவர் ஏறிப் பாலத்தில் ஏறும்போது மட்டும் விழுந்து, நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்துச் சதவீதம் மீண்டும் ஏறுகிறதா? அப்படியானால் ஒரு தொகுதி பலவீனமாகிவிட்டது, அல்லது உள்ளே ஒரு பற்றவைப்பு விட்டிருக்கிறது. இரவு முழுக்கச் செருகி வைத்து இதைத் தீர்க்க முடியாது. பாதி விலைக்குப் பேட்டரியைத் திறந்து ஒரு செல்லை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். பழைய பதின்மூன்றோடு புதியது ஒன்று ஒத்துப்போகாது, உத்தரவாதமும் போய்விடும். 58 வோல்ட் பெரிய ஷாக் இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: உள்ளே குறுக்கே விழுந்த ஸ்பேனர் ஒன்று கண்ணெதிரே உருகியதைப் பார்த்திருக்கிறேன். நேராக சர்வீஸ் மையம்.

அறிகுறி 5: மாற்று பேட்டரி வண்டி, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு தூரம் ஓடுகிறது

மேலே சொன்ன இளைஞர், கிளம்பும்போது, தீர்ந்த பேட்டரியை நிலையத்தில் கொடுத்துவிட்டு ஏற்றிய பேட்டரியை எடுத்துக்கொள்ளும் வண்டிக்குப் போய்விடலாமா என்று கேட்டார். தைவானில் 2015இலிருந்து ஸ்கூட்டர்கள் இப்படித்தான் ஓடுகின்றன; இந்தியாவிலும் விநியோகம் செய்பவர்களும் ஆட்டோக்காரர்களும் இதற்குப் பழகிவருகிறார்கள். செல் தேய்வது உங்கள் கவலையாக இருக்காது என்பது பெரிய நிம்மதி. நிலையத்தின் அலமாரியில் பேட்டரி ஆறிய பிறகு ஏறவும் இடமுண்டு. ஆனால் உங்களுக்குக் கிடைப்பது இன்று புதிய பெட்டி, நாளை நான்கு வருடப் பெட்டி. அந்த வித்தியாசத்தைப் பழுது என்று நினைத்துக்கொண்டு வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவருகிறார்கள்.

ஆகவே முதல் வேலை, பெட்டியின் மேல் இருக்கும் எண்ணையும் ஓடிய தூரத்தையும் பத்து முறை குறித்து வைப்பது. குறிப்பிட்ட எண் கொண்ட பெட்டி மட்டும் குறைவாக ஓடினால் அதை நிலையத்தில் சொல்லி ஒதுக்கச் செய்யுங்கள். எல்லாப் பெட்டியும் குறைவாக ஓடினால் கோளாறு வண்டியில்: மறுபடியும் டயர், பிரேக்.

*மாற்றியதும் வண்டி எழவில்லை:* பெட்டியை வெளியே எடுத்து மீண்டும் செருகி, பூட்டு 'டக்' என்று விழுகிறதா என்று கேளுங்கள். பத்து கிலோ எடையுள்ள பெட்டியை அவசரத்தில் சாய்த்து இறக்கினால் முனைகள் முழுதாகக் கவ்வாது. இரண்டு பெட்டி வண்டியானால், நிலையம் தந்த இரண்டும் ஏறக்குறைய ஒரே சதவீதமா என்று பாருங்கள். ஒன்று 98, மற்றது 60 என்றால், சில வண்டிகள் குறைந்த பெட்டியை இணைக்காமல் ஒன்றிலேயே ஓடும், மேட்டில் திணறும்.

*எந்தப் பெட்டி போட்டாலும் சில நேரம் அணைகிறது:* டார்ச்சை எடுத்து, பெட்டி உட்காரும் குழியின் அடியைப் பாருங்கள். சென்ற ஐப்பசி மழையில் ஒருவர் இந்தப் புகாரோடு வந்தார்; ஏழு பெட்டி மாற்றியிருக்கிறார். குழியின் அடியில் சேறு. ஒரு முனை பச்சை பூத்து, அதன் ஸ்பிரிங் அமுங்கிய நிலையிலேயே நின்றிருந்தது. பெட்டியை எடுத்துவிட்டு, உலர்ந்த தூரிகையால் சேற்றைத் தட்டி, தொடர்பு முனைகளுக்கான துப்புரவுத் திரவம் அடித்துக் காயவிட்டேன். பச்சை போயிற்று, ஸ்பிரிங் எழவில்லை. முனைத் தொகுப்பை மாற்ற அனுப்பிவைத்தேன். அமுங்கிய முனையோடு ஓட்டினால் அங்கே தீப்பொறி பறந்து, நீங்கள் செருகும் ஒவ்வொரு பெட்டியின் வாயையும் கருக்கும். அந்தப் பெட்டி அடுத்து இன்னொருவர் வண்டிக்குள் போகும்.